உஷார்! லாச்சியில் ஒரு ரூபா தீர்ந்தால் உங்கள் புரோகிராம் பொய் சொல்லும்

கடைக் கணக்குக்கு, டிக்கெட் மெஷினுக்கு, வகுப்பு ஒப்படைக்கு என்று மிச்சக் காசு புரோகிராம் எழுதும் மட்டக்களப்புப் பிள்ளைகள் இதை உடனே கவனியுங்கள். "பெரிய குத்தியை முதலில் எடு, மீதிக்கு அடுத்ததை எடு" என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். இலங்கையின் 1, 2, 5, 10, 20 ரூபா நாணயங்கள் ஐந்தும் இருக்கும்வரை அது எப்போதும் மிகக் குறைந்த நாணயங்களையே தரும். எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிடும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

மண்டூர்த் துறையடியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். 92 ரூபாவுக்குச் சாமான், கையில் 100 ரூபாத் தாள், மிச்சம் 8 ரூபா. லாச்சியில் ஒரு ரூபாக் குத்தி தீர்ந்துவிட்டது. புரோகிராம் 5ஐ எடுக்கும், 2ஐ எடுக்கும், மீதி 1 ரூபாவில் திகைத்து நின்று "மிச்சம் இல்லை" என்று சொல்லும். வாடிக்கையாளர் கையில் ஒரு டொபி விழும். ஆனால் நாலு இரண்டு ரூபாக் குத்திகள் லாச்சியில் கிடந்தால் 8 ரூபாவைச் சரியாகவே கொடுத்திருக்கலாம்.

வழி தவறாமலிருக்க ஓர் அட்டவணை போதும். தாளில் 0 முதல் 8 வரை கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தொகைக்குத் தேவையான மிகக் குறைந்த நாணய எண்ணிக்கையை எழுத வேண்டும். 0 ரூபாவுக்கு 0. மற்றக் கட்டங்களுக்கு, 2 ரூபா பின்னால் உள்ள கட்டத்தையும் 5 ரூபா பின்னால் உள்ள கட்டத்தையும் பாருங்கள். இரண்டில் சிறியதோடு 1 கூட்டுங்கள். இரண்டிலும் எண் இல்லையென்றால் × போடுங்கள்.

```
தொகை     0  1  2  3  4  5  6  7  8
நாணயம்   0  ×  1  ×  2  1  3  2  4
```

6ஆம் கட்டத்தைக் கவனியுங்கள். 5 ரூபாக் குத்தி போட்டால் 1ஆம் கட்டத்துக்குப் போகிறோம், அங்கே ×. 2 ரூபாக் குத்தி போட்டால் 4ஆம் கட்டம், அங்கே 2. ஆகவே விடை 3. அதேபோல் 8க்கு 3ஆம் கட்டம் ×, 6ஆம் கட்டம் 3, ஆகவே விடை 4. பெரிய குத்தியை முதலில் எடுத்தவர் மூடிய கதவில் முட்டிக்கொண்டார். அட்டவணை இரண்டு வழியையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறது.

நாணயம் தீராமலே இந்தப் பிழை வரலாம். பிரித்தானியாவில் 1969 வரை 30 பென்ஸ் அரைக்கிரவுனும் 24 பென்ஸ் ஃபுளோரினும் சேர்ந்தே புழங்கின. 48 பென்ஸுக்குப் பெரியதை முதலில் எடுத்தால் 30, 12, 6 என்று மூன்று நாணயங்கள். இரண்டு ஃபுளோரினே போதும். அங்கே புரோகிராம் நிற்காது, தவறான விடையைத் தந்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

அட்டவணை போட்டவர்களும் அசந்துவிடாதீர்கள். × இருக்க வேண்டிய இடத்தில் 0 எழுதிவிடுவது மிக மோசமான பிழை. 1ஆம் கட்டத்தில் 0 இருந்தால் 3க்கு 1 நாணயம் என்று வரும், 6க்கும் 1 என்று வரும், கடைசியில் 8க்கு 2 என்று வந்து நிற்கும். இரண்டும் ஐந்தும் கொண்டு இரண்டு நாணயத்தில் 4, 7, 10தான் வரும், 8 வரவே வராது. × என்பதற்குத் தொகையைவிட ஒன்று கூடிய எண்ணை, இங்கே 9ஐ, வையுங்கள். 8 ரூபாவுக்கு 8 நாணயத்துக்கு மேல் தேவைப்படாது என்பதால் 9 ஒருபோதும் உண்மையான விடையோடு குழம்பாது. சி மொழியில் `INT_MAX` வைத்துவிட்டு 1 கூட்டினால் எண் பெரும்பாலும் எதிர்மறைக்குப் புரண்டு, அதுவே மிகச் சிறியதாகத் தேர்வாகிவிடும்.

இன்னொன்று. இந்த அட்டவணை ஒவ்வொரு குத்தியும் வேண்டிய அளவு இருப்பதாக நினைக்கிறது. லாச்சியில் இரண்டு ரூபாக் குத்தி மூன்றுதான் என்றால் 8க்கு 4 என்ற விடை உதவாது. அப்போது லாச்சியில் உள்ள குத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையை 8இலிருந்து பின்னோக்கித் திருத்திக்கொண்டு வாருங்கள். முன்னோக்கிப் போனால் ஒரே குத்தி முதலில் 2ஐயும், பிறகு 4ஐயும் நிரப்பி இரண்டு தரம் எண்ணப்பட்டுவிடும்.

புரோகிராமை யாரிடமும் கொடுக்கும் முன் நாணயப் பட்டியலிலிருந்து 1ஐ நீக்கிவிட்டு 3, 6, 8 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். முடியாது, 3, 4 என்று வர வேண்டும். வேறு எது வந்தாலும் அதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.