கழுத்தில் வழிந்த வாசனை

1916-ல் ஃப்ராய்ண்ட் என்ற தோல் மருத்துவர், விசித்திரமான ஒரு கருமையை மருத்துவ இதழில் விவரித்தார். அது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தில் ஒரு கோடாக இறங்கி, கழுத்தெலும்புக்கு மேலே சற்று அகன்று நின்றுவிடும். ஓரம் பேனாவால் வரைந்ததுபோலத் தெளிவாக இருக்கும். ஓடிகொலோன் தடவிக்கொண்டு வெயிலில் நின்றவர்களுக்கு அது வந்திருந்தது. கொலோன் வழிந்தோடிய பாதையில்தான் தோல் கறுத்திருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அதில் கலந்திருந்த பெர்கமாட் எண்ணெய்தான் காரணம் என்றும் சொன்னார். சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு மருத்துவர், கழுத்தில் தொங்கும் பதக்கத்தைப்போல இருக்கிறதே என்று அதற்கு பெர்லோக் தோல் அழற்சி எனப் பெயர் வைத்தார். இன்றும் மருத்துவ நூல்களில் அதே பெயர்தான்.

பெர்கமாட் நம் நார்த்தங்காயின் உறவுக்காரப் பழம். சாறு கசக்கும், அப்படியே உரித்துச் சாப்பிட உதவாது. இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா கடற்கரையை ஒட்டிய தோட்டங்களில்தான் பெருமளவு விளைகிறது. அங்கே இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் தொடங்கி குளிர்காலம் முழுக்க அறுவடை நடக்கும். பழத்தோலைச் சுரண்டி, தண்ணீரைப் பீய்ச்சி, எண்ணெயைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள். சூடு காட்டுவதில்லை. ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் வேண்டும். எலுமிச்சையின் துடிப்பும் தேயிலைப் பூவின் மென்மையும் சேர்ந்த அந்த மணம் இல்லாமல் கொலோன் என்ற வகையே இருந்திருக்காது. நம் ஊர் வீடுகளிலும் காய்ச்சல் வந்தால் ஓடிகொலோன் நனைத்த துணியை நெற்றியில் போட்ட காலம் உண்டு.

சூடு காட்டாமல் பிழிவதில்தான் விஷயம் இருக்கிறது. பழத்தோலில் மணம் தரும் பொருட்களோடு, மணமே இல்லாத, ஆவியாகாத சில பொருட்களும் உண்டு. பிழியும்போது அவையும் எண்ணெயோடு வந்துவிடுகின்றன. அவற்றில் முக்கியமானது பெர்கப்டென். சோராலென் என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. பெர்கமாட் எண்ணெயில் இதன் அளவு பொதுவாக 0.3 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பருவத்துக்கும் தோட்டத்துக்கும் ஏற்பச் சற்றுக் கூடும், குறையும். கழுத்தில் தெளித்த கொலோனில் இருக்கும் ஆல்கஹால் சில நொடிகளில் பறந்துவிடும். மணமும் ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். பெர்கப்டென் மட்டும் தோலில் அப்படியே தங்கும். வாசனை போய்விட்டதே, இனி என்ன என்று நினைப்பது இந்த இடத்தில்தான் தவறாகிறது.

தங்கிய பெர்கப்டென் மேல்தோலின் செல்களுக்குள் ஊடுருவுகிறது. வியர்வையும் ஈரப்பதமும் இருந்தால் இன்னும் எளிதாக உள்ளே போகும். டி.என்.ஏ. ஒரு முறுக்கிய நூலேணி என்றால், அதன் படிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும் அளவுக்கு பெர்கப்டென் மூலக்கூறு தட்டையானது. இருட்டில் அது அங்கே சும்மா இருக்கும், ஒரு கெடுதலும் இல்லை. சூரிய ஒளியில் உள்ள யு.வி.ஏ. புற ஊதாக் கதிர் பட்டதும் அது விழித்துக்கொள்கிறது. அந்த ஆற்றலை உறிஞ்சி, டி.என்.ஏ.வின் ஒரு பக்கத்தோடு வேதிப்பிணைப்பு போட்டுவிடுகிறது. இன்னொரு கதிர்த்துளி பட்டால் மறுபக்கத்தையும் சேர்த்துக் கட்டிவிடும். இரு பக்கமும் கட்டுண்ட செல்லால் ஒழுங்காகப் பிரிந்து பெருக முடியாது. சில செல்கள் இறக்கின்றன, தோல் அழற்சி அடைகிறது. அதற்குப் பதிலாக, நிறமி தயாரிக்கும் செல்கள் மெலனினை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கிச் சுற்றியுள்ள செல்களுக்கு அள்ளிக் கொடுக்கின்றன. நாம் பார்க்கும் கருமை அந்த மெலனின்தான்.

இதை ஒவ்வாமை என்று சொல்வது சரியல்ல. ஒவ்வாமை சிலருக்குத்தான் வரும், அதற்கு உடலின் எதிர்ப்பு மண்டலம் முன்பே பழகியிருக்க வேண்டும். இது அப்படியில்லை. போதுமான பெர்கப்டெனும் போதுமான யு.வி.ஏ.வும் ஒரே இடத்தில் சேர்ந்தால், முதல் தடவையிலேயே யாருக்கும் வரலாம். வெயிலில் நிற்கவே இல்லை, காரில்தான் போனேன் என்று பலர் சொல்வதிலும் பொய் இல்லை. சாதாரணக் கண்ணாடி, தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி. கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். யு.வி.ஏ.வை நிறையவே உள்ளே விடும். பேருந்தின் ஜன்னலோர இருக்கையும் மேகமூட்டமான பகலும் இந்தக் கதிரிடமிருந்து முழுப் பாதுகாப்பு தருவதில்லை.

காலக்கணக்கைக் கவனித்தால் பலருக்கு ஏன் காரணம் பிடிபடுவதில்லை என்பது புரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர், பெர்கமாட் அதிகம் கலந்த வாசனைத் திரவியத்தைக் காதுக்குக் கீழே தடவிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தடவிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரைதான் தோல் மிகவும் எளிதில் பாதிக்கப்படும் நேரம். சரியாக அந்த நேரத்தில் அவர் மண்டப வாசலில் வெயிலில் நின்று விருந்தினரை வரவேற்கிறார். அன்றிரவு கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை லேசான எரிச்சல் தொடங்கும். செவ்வாய், புதன் வாக்கில் அது உச்சத்துக்குப் போகும். அளவு கூடினால் கொப்புளமே வரும். பிறகு அது அடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் கருமை எழும். அதற்குள் அந்த ஞாயிறும் அந்தத் திரவியமும் மறந்துபோயிருக்கும்.

மாநிறத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய நூல்களில் எழுதியிருக்கும் சிவத்தல் நம் தோலில் கண்ணுக்கே படாமல் போகலாம். கருமைதான் முதல் அடையாளமாகத் தெரியும், அதுவும் ஆழமாகத் தெரியும். எனவே வடிவத்தைப் பார்ப்பதுதான் நல்ல வழி. மங்கு இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும் ஒன்றுபோலப் படரும், ஓரம் தெளிவாக இருக்காது. சர்க்கரை, உடல் பருமனோடு தொடர்புள்ள கருமை கழுத்தைச் சுற்றிலும் மடிப்புகளில் வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கும். பெர்கமாட் கருமை தடவிய பக்கத்தில் மட்டும் இருக்கும். தடவியது வழிந்திருந்தால் கோடாகவும், தெளித்திருந்தால் புள்ளிகளாகவும், விரலால் ஒற்றியிருந்தால் விரல் பட்ட இடத்தின் அளவிலும் தெரியும். துணி மூடிய எல்லையில் சட்டென்று நின்றுபோவதும் வழக்கம், வெயில் அங்கே எட்டாததால்.

இந்தக் கட்டத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒன்று என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. கருமையைப் போக்க எலுமிச்சைத் தோலை எடுத்துத் தேய்க்கிறார்கள். எலுமிச்சைத் தோலிலும் பெர்கமாட்டைவிடக் குறைவாக என்றாலும் இதே குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. தேய்த்துவிட்டு வெயிலில் போனால் காயத்தின் மேலேயே மீண்டும் காயம். தேய்ப்பதாலும் நிறமி கூடும். செய்ய வேண்டியது மிகச் சாதாரணமானது. அந்தத் திரவியத்தை நிறுத்த வேண்டும். யு.வி.ஏ.வையும் தடுக்கும் சன்ஸ்கிரீன் தடவியோ துணியால் மூடியோ வெயிலைத் தள்ள வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மேல்தோலில் மட்டும் நிறமி இருந்தால் சில வாரங்கள், சில மாதங்களில் மங்கிவிடும். ஆழத்தில் இறங்கியிருந்தால் இன்னும் நாளாகும். கொப்புளம் வந்தாலோ, மாதக்கணக்கில் மங்காமல் இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்காமலே தரும் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம்கள் வேண்டவே வேண்டாம்.

சோராலெனைத் தமிழ் மருத்துவம் வேறொரு வாசல் வழியே வெகுகாலமாக அறிந்திருக்கிறது. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசி, சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்கு. 1933-ல் இந்திய வேதியியலாளர்கள் அதன் விதையிலிருந்து சோராலெனைப் பிரித்தெடுத்தார்கள். நிறமிழந்த இடத்தில் அதைத் தடவி, அளந்து வெயில் காட்டினால், தோலின் நிறமிச் செல்கள் தூண்டப்படுகின்றன. நவீன மருத்துவத்தின் பூவா சிகிச்சையும் இதே அடிப்படையில்தான் வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் தரப்படுகிறது. அளவு தவறினால் அங்கேயும் கொப்புளம்தான். மருத்துவர் நிமிடக் கணக்கில் அளந்து கொடுக்கும் ஒன்று, வாசனைத் திரவியம் தடவியவருக்கு அளவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

இதை வேண்டுமென்றே செய்த காலமும் உண்டு. பிரான்ஸில் தோலைச் சீக்கிரம் பழுப்பாக்குவதற்காகவே பெர்கமாட் எண்ணெய் கலந்த வெயில் எண்ணெய்களை விற்றார்கள். டி.என்.ஏ.வைக் கட்டிப்போடும் பொருள் புற்றுநோய்க்கும் வழி வகுக்கலாம் என்ற கவலை வலுத்தது. பெர்கப்டெனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தால் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்றே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. ஐரோப்பாவில் வெயிலுக்கான பொருட்களில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே இந்தக் குடும்பத்துப் பொருட்கள் இருக்கலாம் என்று 1990-களில் வரம்பு வந்தது.

பெரிய வாசனைத் திரவிய நிறுவனங்கள் இன்று பெரும்பாலும் பெர்கப்டென் நீக்கிய பெர்கமாட் எண்ணெயையே பயன்படுத்துகின்றன. எண்ணெயைக் காரத்தோடு வினைபுரியவைத்துத் தண்ணீரில் கழுவினாலோ, வெற்றிடத்தில் வடித்தாலோ பெர்கப்டென் பிரிந்துவிடும். புட்டியில் எஃப்.சி.எஃப். என்று போட்டிருந்தால் அது இப்படி நீக்கியது என்று பொருள். அதனால் புதிய பிரபல திரவியங்களில் இந்தப் பாதிப்பு அரிதாகிவிட்டது. ஆபத்து இப்போது பெரும்பாலும் பழைய புட்டிகளிலும், வீட்டிலேயே கலந்து விற்கும் ‘இயற்கை’ வாசனை எண்ணெய்களிலும் இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெயில் படும் தோலில் தடவிவிட்டுக் கழுவாமல் விடும் பொருளில், பிழிந்த பெர்கமாட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச நறுமணத் துறையின் அமைப்பான இஃப்ரா வரம்பு வைத்திருக்கிறது. 10 மில்லி ரோல்-ஆன் புட்டியில் 20 சொட்டு, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லி பெர்கமாட் விட்டு, மீதியைத் தேங்காயெண்ணெயால் நிரப்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது 10 சதவீதம், வரம்பைப்போல 25 மடங்கு. வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் அந்தப் புட்டியில் 0.04 மில்லிதான் சேர்க்கலாம். ஒரு முழுச் சொட்டுகூட அதைவிட அதிகம். அதோடு பிழிந்த எலுமிச்சை எண்ணெயும் சேர்த்தால் இரண்டின் சுமையும் கூடிக்கொண்டே போகும்.

எல்லா சிட்ரஸ் எண்ணெயும் இப்படியல்ல. இனிப்பு ஆரஞ்சின் தோல் எண்ணெய்க்கு இந்த வரம்பே இல்லை. ஒரே லைம் பழத்தைப் பிழிந்து எடுத்த எண்ணெய் தோலைக் கறுக்கவைக்கும், ஆவியில் வடித்து எடுத்தது கறுக்கவைக்காது. ஆவியாகாத பொருள் வாலையின் அடியிலேயே தங்கிவிடுவதுதான் காரணம். எண்ணெய் வாங்கும்போது பழத்தின் பெயரோடு, பிழிந்ததா, வடித்ததா, பெர்கப்டென் நீக்கியதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அதைச் சட்டையில் தெளித்துக்கொள்ளலாம், தோலில் வேண்டாம். தோலில் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, குறைந்தது 12 மணி நேரம் அந்த இடத்தை வெயிலுக்குக் காட்டாமல் மூடிவையுங்கள்.