தாமதஞ் செய்தவர் யார்?

‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் இரு வினைகள் படுத்தும் பாடு

அண்மையில் ஒரு மாணவனுடைய மொழிபெயர்ப்புக் கொப்பியைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. “அக்காவுக்குக் கலியாணம் ஆகிவிட்டது” என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்திலே தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். மாணவன் அகராதியைப் புரட்டி, சொல்லுக்குச் சொல் தேடி எழுதியிருந்தான். அவன் எழுதியதைத் திரும்பத் தமிழிலே சொன்னால், அக்காவின் பொருட்டு ஒரு கலியாணம் வேறேதோ ஒன்றாக மாறிவிட்டது என்றுதான் பொருள்படும். ஆசிரியரின் சிவப்பு மை அந்த வரியைக் குறுக்கே வெட்டியிருந்தது.

பையன் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. ‘ஆகு’ என்பதற்கு, ஒன்று மற்றொன்றாதல் என்னும் பொருளே முதலில் நினைவுக்கு வருவது. ‘விதை மரமாயிற்று’, ‘அவர் ஆசிரியரானார்’ என்னும் இடங்களில் அது பொருந்தும். ஆனால் ‘கலியாணம் ஆயிற்று’, ‘நேரமாயிற்று’, ‘நூறு ரூபா செலவாயிற்று’ என்னும் இடங்களில் எதுவும் எதுவாகவும் மாறவில்லை. இங்கே பொருளைச் சுமப்பது முன்னே நிற்கும் பெயர்ச்சொல். வினையோ, அந்தக் காரியம் நிகழ்ந்தது என்பதை மட்டுஞ் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

இவ்வாறு தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெயருக்குத் துணையாக நிற்கும் வினையை ‘இலகு வினை’ எனலாம். ஆங்கிலத்திலும் இத்தகையன உண்டு. டென்மார்க்கு மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் தமது ஆங்கில இலக்கண நூலின் 1942ஆம் ஆண்டுப் பாகத்திலே அவற்றுக்கு இதே கருத்துடைய பெயரை இட்டார். ஆங்கிலேயன் குளிப்பை ‘எடுக்கிறான்’, பெருமூச்சைக் ‘கொடுக்கிறான்’. அவற்றை நாம் அப்படியே தமிழாக்கினால் நகைப்புக்கிடமாகும். நம்முடையவற்றை அப்படியே ஆங்கிலமாக்கினாலும் அதே கதிதான்.

‘பண்ணு’ என்பதன் வரலாறு இதனை நன்கு விளக்கும். பழந்தமிழிலே அது பொருள் நிறைந்த வினை. தேரைப் பண்ணுதல் என்றால் குதிரை பூட்டி ஆயத்தஞ் செய்தல். யாழைப் பண்ணுதல் என்றால் நரம்புகளைச் சுருதி கூட்டுதல். இன்றோ அது எந்தச் சொல்லுக்கும் தோள் கொடுக்கும். தமிழகத்தார் ‘போன் பண்ணு’ என்கின்றனர். ஆங்கில வினை ஒரு பெயரைப் போல முன்னே நிற்க, காலமும் இடமும் காட்டும் விகுதிகளைப் ‘பண்ணு’ ஏற்றுக்கொள்கிறது. இலங்கையில் நாம் ‘கோல் எடு’ என்கிறோம்; வேறு இடங்களிலும் ‘பண்ணு’ என்பதிலும் ‘செய்’ என்பதையே பெரிதும் ஆளுகிறோம். துணை வினை ஊருக்கு ஊர் மாறினாலும் தொழில் ஒன்றுதான்.

ஒரு வினை பாரமுள்ளதா, இலகுவானதா என்பதை எப்படி அறிவது? இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ‘தச்சன் கதிரை செய்தான்’ என்பது ஒன்று. ‘தச்சன் கதிரையைத் திருத்தம் செய்தான்’ என்பது மற்றொன்று. முதலாவதில், எதைச் செய்தான் என்று கேட்டால் ‘கதிரையை’ என்று விடை வரும். முன்பு இல்லாத ஒரு கதிரை உண்டாயிற்று. ஆகவே ‘செய்’ இங்கே தன் முழுப் பொருளோடு நிற்கிறது. இரண்டாவதில் ‘ஐ’ உருபு கதிரையோடு சேர்ந்துவிட்டது. ‘திருத்தம்’ என்பது உருபு ஏற்காமல் வெறுமனே நின்று, ‘செய்’ என்பதோடு ஒட்டி ஒரே வினையாகிவிட்டது. ‘கதிரையைத் திருத்தத்தைச் செய்தான்’ என்று எவருஞ் சொல்லார். ஆகவே மொழிபெயர்ப்பவர் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே சொல் தேடாமல், இரண்டையும் ஒன்றாக எடுத்து, திருத்துதல் என்னும் பொருள்தரும் ஒரே வினையைத் தேடவேண்டும்.

இதுவரை சொன்ன பிழை நகைப்போடு முடிந்துவிடும். இதனிலும் ஆபத்தான பிழை ஒன்றுண்டு.

‘செய்’, ‘ஆகு’ என்னும் இரண்டும் பல பெயர்களின் பின்னே இரட்டையராக வரும்: செலவு செய்தேன், செலவாயிற்று, முடிவு செய்தார்கள், முடிவாயிற்று, தாமதஞ் செய்தான், தாமதமாயிற்று. முதலாவதில் செய்தவர் முன்னே நிற்கிறார். இரண்டாவதில் நிகழ்ச்சி மட்டும் நிற்கிறது. செய்தவர் யாரென்று சொல்லப்படவில்லை. “மூன்று நாள் வேலை செய்தார்கள், ஆனால் வேலை ஆகவில்லை” என்று வீட்டிலே சலித்துக்கொள்வதுண்டு. உழைப்பைச் சொல்வது ‘செய்’. பலனைச் சொல்வது ‘ஆகு’.

இனி ஒரு தந்தையை எண்ணிக்கொள்வோம். மகனுடைய விண்ணப்பம் குறித்த நாளுக்குப் பின்னரே கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தது. “விண்ணப்பம் அனுப்பத் தாமதமாகிவிட்டது, தயவுசெய்து ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்” என்று தமிழிலே ஒரு கடிதம் எழுதுகிறார். மொழிபெயர்ப்பவர் முதலிற் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்க்கிறார்; ‘தாமதம் ஆனது’ என்பது ஆங்கிலத்திலே உருப்படவில்லை. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் ஒன்று வேண்டும். கடிதத்தின் அடியிலே தந்தையின் கையொப்பம் இருக்கிறது. ஆகவே ‘நான் தாமதஞ் செய்துவிட்டேன்’ என்னும் கருத்துப்பட எழுதிவிடுகிறார். இலக்கணத்திற் குறையில்லை, படிப்பதற்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தந்தை ஒப்புக்கொள்ளாத குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டதாகக் கடிதம் இப்பொழுது சொல்கிறது. அதிகாரியோ, “தாமதஞ் செய்ததாகத் தாமே எழுதியிருக்கிறார்” என்று ஒதுக்கிவிடலாம்.

தாமதத்துக்குக் காரணம் தபாலோ, நோயோ, அவருடைய கவனக்குறைவோ, நாம் அறியோம். கடிதமுஞ் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்லாமலே விடுவதுதான் மொழிபெயர்ப்பாளரின் கடமை. ஆங்கிலத்திலே ‘விண்ணப்பம் அனுப்புவதில் ஒரு தாமதம் இருந்தது’ என்னும் அமைப்பிலே எழுதினால் வாக்கியமும் நேராகும், பழியும் எவர் தலையிலும் விழாது. ‘ஆகு’ என்ற சொல் அங்கே இராது. அதன் தொழில் நிறைவேறியிருக்கும்.

மறுதிசையிலும் இதே விழிப்பு வேண்டும். ‘நான் தாமதித்தேன்’ என்று ஆங்கிலத்திலே தெளிவாக ஒப்புக்கொண்டவரின் கூற்றை, ‘தாமதமாகிவிட்டது’ என்று தமிழாக்கினால் அவரைப் பொறுப்பிலிருந்து நாமே விடுவித்தவராவோம்.

சிங்களத்திலிருந்து மொழிபெயர்ப்போருக்கு இத்தொல்லை சற்றுக் குறைவு. அம்மொழியில் ‘கரனவா’ நமது ‘செய்’ போலவும், ‘வெனவா’ நமது ‘ஆகு’ போலவும் தொழிற்படுகின்றன. ‘சுத்த கரனவா’ என்றால் சுத்தஞ் செய்தல். ‘பிரமாத வெனவா’ என்றால் தாமதமாதல். ஆயினும் எல்லாப் பெயர்களும் இவ்வாறு சோடி சேரா என்பதை மறத்தலாகாது. தமிழிலேயே ‘உதவி செய்தார்’ என்பதற்கு ‘உதவியாயிற்று’ என்பது சரியான இரட்டையன்று; அது பயன்பட்டது என்னும் வேறு பொருளைத் தரும்.

ஆகவே மாணவர்கள் அகராதியைத் திறக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்களாக. இந்தப் பெயரும் வினையும் சேர்ந்து ஒரே வினையாக நிற்கின்றனவா? செய்தவர் யாரென்று இவ்வாக்கியம் சொல்கிறதா, சொல்லாது விடுகிறதா? முதற் கேள்வியைக் கேட்டிருந்தால் நாம் பார்த்த கொப்பியிலே சிவப்பு மை விழுந்திராது. இரண்டாவதைக் கேட்டிருந்தால், அந்தத் தந்தையின் கடிதம் அவர் எழுதியபடியே கந்தோருக்குப் போயிருக்கும்.