இரண்டு சீனியர்கள், ஒரே அறிக்கை

கேஷ் கிரெடிட் வாங்கும் நிறுவனங்கள் மாதாமாதம் வங்கிக்குச் சரக்கு இருப்பு அறிக்கை தர வேண்டும். ஒரு நூற்பாலையில் இந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது என்று வையுங்கள். ஸ்டோர்ஸ் மேலாளர் சொல்லும் இருப்பு, கணக்குப் பிரிவின் இருப்பைவிட 2 லட்சம் அதிகம். “அவர் கணக்கு தப்பு” என்கிறார் இவர். “அவர் எண்ணியதே தப்பு” என்கிறார் அவர்.

இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் பழைய சண்டைதான் கிளம்பும். தனித்தனியாகப் போய், “31ஆம் தேதி வந்த லோடுக்கு பில் பதிவாகிவிட்டதா சார்?”, “சாயப்பட்டறைக்குப் போன நூல் இதில் இருக்கிறதா சார்?” என்று மட்டும் கேளுங்கள். பில் பதிவாகாத பஞ்சு 7 லட்சம் ஸ்டோர்ஸில் மட்டும் இருக்கும். சாயத்துக்குப் போன 5 லட்ச ரூபாய் நூல் கணக்கில் மட்டும் இருக்கும். கழித்தால் அதே 2 லட்சம். இருவர் சொன்னதும் சரிதான்.

இதை ஒரே தாளில் எழுதி, இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள்: “வியாழன் மாலை 4 மணிக்குள் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.” பதில் வராவிட்டால், புகாராக இல்லாமல், முடிவெடுக்க வேண்டிய கேள்வியாக அந்தத் தாளை மேலதிகாரியிடம் கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நேரமாகிவிட்டதே என்று நீங்களாக ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பாதீர்கள். வங்கி ஆய்வுக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.