பார்த்த வேலையும் படிக்கப்போகும் படிப்பும்: முதுநிலை விண்ணப்பத்துக்கு எஸ்.ஓ.பி. எழுதுவது எப்படி?

வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்களோடு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்’ என்ற கட்டுரையையும் அனுப்ப வேண்டியிருக்கும். சுருக்கமாக எஸ்.ஓ.பி. இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப்போகிறீர்கள், இடையில் இந்தப் படிப்பு எதற்கு என்பதை ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்வதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடும். ஆகவே நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலம்தான் எஸ்.ஓ.பி. எழுதும் சீசனும்.

அப்படி ஒரு மழை நாளில் எதிர்வீட்டுப் பெண் தன் வரைவை எடுத்துக்கொண்டு வந்தார். சென்னைப் புறநகரில் மழைநீர் வடிகால் கட்டும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக சைட் என்ஜினீயர். நீர்வளப் பொறியியலில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்பது ஆசை. சி.ஜி.பி.ஏ. 7.1. போதாக்குறைக்கு இரண்டாம் ஆண்டில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஓர் அரியர். தண்ணீரைப் பற்றிப் படிக்க விண்ணப்பிப்பவருக்குத் தண்ணீர் சம்பந்தப்பட்ட பாடத்திலேயே அரியர் என்றால், எஸ்.ஓ.பி. கொஞ்சம் கூடுதலாகவே உழைக்க வேண்டும்.

வரைவு இப்படித் தொடங்கியது: ‘சிறுவயது முதலே தண்ணீரின் மீது எனக்குத் தீராத ஈர்ப்பு உண்டு.’ நடுவில் ரெஸ்யூமே வாக்கியங்களாகியிருந்தது. படித்த கல்லூரி, ப்ராஜெக்ட், 11 கி.மீ. வடிகால் பணி, தெரிந்த மென்பொருள்கள். கடைசிப் பத்தியில், நிலைத்த நகரங்களை உருவாக்கும் தலைவராக வேண்டும் என்ற லட்சியம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நடுப்பத்திகளைக் கையால் மறைத்துக்கொண்டு கடைசிப் பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். அதை ஓர் ஆர்க்கிடெக்ட் எழுதியிருக்கலாம், மின்சார பஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர் எழுதியிருக்கலாம். அந்த லட்சியம் இந்தப் பெண் பார்த்த வேலையிலிருந்து முளைக்கவில்லை. இறந்தகாலம் ஒரு கரை, எதிர்காலம் இன்னொரு கரை, நடுவில் பாலம் இல்லை. நான் பார்த்த எஸ்.ஓ.பி.க்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

புரியாததில் இருக்கிறது பாலம்

“இந்த மூணு வருஷத்துல உனக்குப் புரியாமப் போன விஷயம் ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“சாதிச்சதைத்தானே அண்ணா எழுதணும்?”

“அதை ரெஸ்யூமே சொல்லிடும். விடை தெரியாம மண்டையைக் குடைஞ்சது எது?”

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தெருவைப் பற்றிச் சொன்னார். அந்தத் தெருவில் இவர்கள் கட்டிய வடிகாலின் நீளம் 420 மீட்டர். வாட்டம் 1000-க்கு 1, அதாவது 1000 மீட்டர் போனால் தரை 1 மீட்டர் இறங்கும். வரைபடத்தில் இருந்தபடியே கட்டினார்கள். லெவல் பார்த்ததும் இவர்தான். ஆனாலும் அடுத்த நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றது. வண்டல் அடைத்திருக்குமோ என்று மேன்ஹோல் மூடிகளைத் திறந்து பார்த்தால், உள்ளே சுத்தமாக இருந்தது. தண்ணீர் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சந்தேகம் தீராமல், மழை பெய்த இரண்டு இரவுகளில் அளவுகோலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மூன்று மேன்ஹோல்களிலும், வடிகால் போய்ச் சேரும் கால்வாயிலும் நீர்மட்டத்தை அளந்திருக்கிறார். வடிகால் முடியும் இடத்தில், அதன் தரையைவிடக் கால்வாய்த் தண்ணீர் 40 செ.மீ. உயரத்தில் இருந்தது. அதற்குமேல் பள்ளிக்கூடக் கணக்குதான். 1000-க்கு 1 வாட்டத்தில் 40 செ.மீ. ஏற வேண்டுமானால் 400 மீட்டர் பின்னால் போக வேண்டும். அதாவது 420 மீட்டர் வடிகாலில் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் கால்வாய்த் தண்ணீரே எதிரேறி நின்றிருக்கிறது. வடிவமைப்புக் கணக்கில், முனையில் தண்ணீர் தடையில்லாமல் விழும் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வரும் இரவில் கால்வாய் அப்படி இடம் கொடுக்காது.

“இதை ஏம்மா எழுதல?”

“இது தோத்த கதை அண்ணா. வடிகால் வேலையே செய்யலையே!”

இல்லை. அந்த வரைவில் இல்லாமல் போன பாலமே இதுதான். கட்டுரையைப் படிக்கும் பேராசிரியர், இவர் எத்தனை கிலோமீட்டர் கட்டினார் என்று எண்ணப்போவதில்லை. ஒரு பிரச்னையைப் பார்த்தால் என்ன செய்வார், எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார், அதைத் தாண்ட இந்தப் படிப்பு உதவுமா என்றுதான் பார்ப்பார். இந்த ஒரு தெருவுக்குள் மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

மாட்டிக்கொண்ட இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். பிரச்னையைச் சொன்ன கையோடு, ‘எனவே ஆழமான அறிவு பெற விரும்புகிறேன்’ என்று முடித்துவிடுவார்கள். எந்த ஆழம், எதில் அறிவு?

அவரிடம் மேலும் கேட்டபோது, SWMM என்ற மென்பொருளைத் தானே கற்றுக்கொள்ள முயன்றதாகச் சொன்னார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் வடிகால் மாதிரி மென்பொருள் அது. தண்ணீர் எதிரேறுவதையும் அதில் கணக்கிட முடியும். தெருவை அதில் வரைந்துவிட்டார். பிறகு இரண்டு இடங்களில் நின்றுவிட்டார். ஒன்று, அவர் கையில் இருந்தது ஒரு நாளின் மொத்த மழையளவு. வடிகாலுக்கு வேண்டியது கால் மணிக்கு எவ்வளவு பெய்தது என்ற கணக்கு. இரண்டு, பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வர எவ்வளவு வாய்ப்பு என்பது. இதற்குப் புள்ளியியல் தெரிய வேண்டும், அது அவர் படித்ததில்லை.

இந்த இரண்டு முடிச்சுகளையும் எழுதிவிட்டால், ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்’ என்ற பத்தி பாதி எழுதின மாதிரி. துறையின் பக்கத்தில் பாடத்திட்டத்தைத் திறந்து, எந்தப் பாடம் எந்த முடிச்சை அவிழ்க்கும் என்று பார்த்தால் போதும். நகர்ப்புற நீரியல் பாடம் முதல் முடிச்சுக்கு, நீரியல் புள்ளியியல் பாடம் இரண்டாவதற்கு. இரண்டு பாடங்கள் போதும், ஏழு பெயர்களை அடுக்கினால் பட்டியலைப் பார்த்து எழுதியது தெரிந்துவிடும். இரண்டுமே இல்லாத பல்கலைக்கழகம் என்றால்? அங்கே விண்ணப்பக் கட்டணம் கட்டுவதா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். அவருடைய பட்டியலில் இருந்த ஆறில் ஒன்று இப்படித்தான் கழிந்தது.

பேராசிரியர்களின் பெயரைச் சொல்வதிலும் ஒரு விஷயம் உண்டு. ஆய்வேடு எழுத வேண்டிய படிப்பாக இருந்தால், யாருடைய ஆய்வு தன் கேள்விக்கு அருகில் வருகிறது என்று ஒரு வாக்கியம் எழுதலாம். அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பாடங்கள் மட்டுமே உள்ள படிப்புக்கு இது அவசியமில்லை.

லட்சியத்தை வேலையாக எழுதுங்கள்

அடுத்து எதிர்காலம். ‘தலைவராக வேண்டும்’ என்பதை எடுத்துவிட்டு, படிப்பு முடிந்த முதல் நாள் என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்டேன். பதில் சுலபமாக வந்தது. வடிகால் வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனத்தில், நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கும் வேலை. சில வருடங்கள் கழித்து? கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், கடல் மட்டம் ஏறியிருக்கும்போதும் வேலை செய்கிற வடிகால்களை வடிவமைப்பது. இப்போது லட்சியம் சின்னதாகிவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் 420 மீட்டர் தெருவில் பார்த்ததை ஊர் அளவுக்கு விரித்தால் வருவது இதுதான், படிப்பவருக்கு நம்பவும் முடிகிறது.

புது வரைவு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ஒரு பத்தியின் சாரம் இது: ‘நான் லெவல் பார்த்துக் கட்டிய வடிகால், வரைபடத்தின்படி சரியாக இருந்தும் மழையில் வேலை செய்யவில்லை. இரண்டு இரவுகள் அளந்ததில், கால்வாய் நீர் 400 மீட்டர் வரை எதிரேறியதைக் கண்டேன். காரணத்தைச் சொல்ல முடிந்தது. அதற்கேற்ப வடிகாலை எப்படி மாற்றி வடிவமைப்பது என்று சொல்ல முடியவில்லை. மழையும் கடல் ஏற்றமும் சேரும் வாய்ப்பைக் கணக்கிடத் தெரியாததே அதற்குக் காரணம்.’

அரியர் இந்தப் பத்திக்கு அடுத்து வந்தது, இரண்டே வாக்கியங்களில். இரண்டாம் ஆண்டில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் தவறினேன், அடுத்த முறை தேறினேன். சூத்திரங்களாக மட்டும் படித்த அந்தப் பாடத்தை மேன்ஹோல் ஓரத்தில் நின்றபோதுதான் மறுபடி எடுத்து ஒழுங்காகப் படித்தேன். உடம்பு சரியில்லை, வீட்டில் பிரச்னை என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் அந்த ஒற்றை அரியர்தான் மனதில் நின்றிருக்கும். மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியப்போவதை ஒளிப்பதிலும் பயனில்லை.

இரண்டு இடங்களில் பேனாவைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ‘11 கி.மீ. வடிகால் அமைத்தேன்’ என்று இருந்தது. அது மொத்த நிறுவனத்தின் வேலை. மேலதிகாரி எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் ‘ஒரு பிரிவின் லெவல் பணியைப் பார்த்தார்’ என்று இருந்தால், கட்டுரை முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். ‘நாங்கள்’ எங்கே, ‘நான்’ எங்கே என்று பிரித்து எழுதினோம். இன்னொன்று, வடிவமைத்தவர்கள் மீது அவருக்கு இருந்த கோபம். ‘அலட்சியமாக விட்டுவிட்டார்கள்’ என்பது, ‘முனையில் தடையில்லை என்ற அனுமானத்தில் வடிவமைக்கப்பட்டது’ என்று மாறியது. தெருவின் பெயர், ஒப்பந்தம் கொடுத்த அலுவலகம் எதுவும் கட்டுரையில் இல்லை. அவை நிறுவனத்தின் தகவல்கள், அவருடையவை அல்ல.

ஒரே கட்டுரையை எல்லா இடத்துக்கும் அனுப்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியில் எஸ்.ஓ.பி. தனி, சொந்த வாழ்க்கைப் பின்னணியைச் சொல்லும் கட்டுரை தனி. அங்கே குடும்பக் கதையை எஸ்.ஓ.பி.யில் கொட்டினால் இடம்தான் வீண். சில இடங்களில் வார்த்தை வரம்பு 500, சில இடங்களில் 1000. தெருவின் கதையும் இரண்டு முடிச்சுகளும் எல்லாப் பிரதியிலும் அப்படியே இருந்தன. பாடங்கள் பற்றிய பத்தியை மட்டும் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதினார். ஒரு பிரதியில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் அப்படியே இருந்ததை, அனுப்புவதற்கு முந்தின இரவு கண்டுபிடித்தோம்.

கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார். “அந்தத் தெருவுல இப்பவும் தண்ணி நிக்குதுண்ணா. சரி பண்ணிட்டோம்னு முடிச்சா நல்லா இருக்கும்ல?”

“சரி ஆகலைன்னா ஆகலைன்னே எழுதும்மா.”

அப்படியே எழுதினார். முதல் விண்ணப்பம் டிசம்பர் இரண்டாம் வாரம் போனது. அன்றைக்கும் மழை. அளவுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக அவருடைய அம்மா சொன்னார்.