முன்னும் பின்னும் நடுவிலும்: கான்ட்ராக்டரின் வேலை ஆல்பம்

வீடு பழுதுபார்க்கும் கான்ட்ராக்டர் தான் முடித்த வேலைகளைப் புதிதாக வருபவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் தொகுப்பே வேலை ஆல்பம். அச்சிட்டுக் கோத்த புத்தகமாகவும் இருக்கலாம், போனில் இருக்கும் படங்களாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், என்னென்ன செய்யப்பட்டது என்ற விவரம், எத்தனை நாள் ஆனது, வீட்டுக்காரர் என்ன சொன்னார். பெரும்பாலான ஆல்பங்களில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. அதிலும் முடிந்த வேலையின் பளபளப்பான படங்களே அதிகம்.

சமையலறைக்கும் குளியலறைக்கும் அது ஓரளவு போதும். பழையதும் புதியதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். சென்னை போன்ற ஊரில் அதிகம் தேடப்படும் மொட்டை மாடி ஒழுகல் வேலைக்கு அது போதாது. அங்கே வீட்டுக்காரர் காசு கொடுப்பது டைல்ஸுக்கு அடியில் மறைந்துபோகும் வேலைக்கு. முடிந்தபின் எடுத்த படத்தில் தெரிவதோ வெள்ளை டைல்ஸ் மட்டும். அடியில் ஒன்றுமே செய்யாமல் டைல்ஸ் ஒட்டிய மாடியும் படத்தில் அதே மாதிரிதான் இருக்கும். ஆகவே ஆல்பம் தயாரிப்பதன் நெளிவுசுளிவுகளை அறிய மாடி வேலையே நல்ல எடுத்துக்காட்டு.

சென்னைப் புறநகரில் 800 சதுர அடி மாடியுள்ள 25 வருடப் பழைய வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருக்கிறார்கள். தட்டோட்டின் இடுக்குகள் விட்டுப்போய், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் விரிசல் ஓடியிருக்கிறது. கீழே படுக்கையறைக் கூரையில் மழைக்காலத்தில் நீர் சொட்டுகிறது.

முதல் சிக்கல் ‘முன்’ படத்திலேயே வருகிறது. இந்த மாதிரி வேலையைக் கோடையில்தான் எடுப்பார்கள். கான்ட்ராக்டர் ஏப்ரலில் போய்ப் பார்க்கும்போது கூரை காய்ந்து, மஞ்சள் வளையமாகக் கறை மட்டும் இருக்கும். சொட்டும் தண்ணீரை அவர் படமெடுக்க வழியில்லை. ஆனால் வீட்டுக்காரர் போனில் முந்தைய நவம்பரில் எடுத்த படம் பெரும்பாலும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ‘வீட்டுக்காரர் எடுத்தது, நவம்பர்’ என்று குறிப்புடன் சேர்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த தேதியும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வது நல்லது.

கான்ட்ராக்டர் எடுக்கும் படங்களில் ஒரே ஒரு விதிதான்: முன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மாடியில் சாக்பீஸால் குறி போட்டால் வேலையின் முதல் நாளே அது உடைபட்டுப் போகும். ஆகவே மாறாத ஒன்றை அடையாளமாக வைப்பார்கள். மாடிப்படிக் கதவின் வாசற்படியில் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் ஒரு மூலை படத்தின் இடது ஓரத்தில் வரும்படி எடுத்தால், ஒரு மாதம் கழித்தும் அதே கோணம் கிடைக்கும். பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு புதியதை எடுப்பது இன்னும் சுலபம். முதல் படத்தைச் சாதாரண லென்ஸிலும் இரண்டாவதை அகல லென்ஸிலும் எடுத்தால் 800 சதுர அடி மாடி கல்யாண மண்டபம் போல விரிந்துவிடும். நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். காலை எட்டு, எட்டரை மணி வெயில் மாடிக்குப் பொருத்தமானது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் வெள்ளை டைல்ஸ் கண்ணைக் கூசவைக்கும். மேகம் மூடிய நாளில் ‘முன்’, பளிச்சென்ற நாளில் ‘பின்’ என்று எடுப்பது பழைய தந்திரம். வானத்தின் நிறத்தையும் நிழலின் நீளத்தையும் பார்த்தாலே அது பிடிபட்டுவிடும்.

இதைவிட முக்கியம் நடுவில் எடுக்கும் படங்கள். மாடி வேலையில் நான்கு கட்டங்கள் அடுத்த கட்டம் வந்ததும் நிரந்தரமாக மூடப்பட்டுவிடும். பழைய தட்டோட்டையும் ஜல்லியையும் உடைத்து எடுத்து, கான்கிரீட் தளத்தைக் கூட்டிக் கழுவியபின் ஒரு படம். விரிசலை V வடிவில் வெட்டி அடைத்ததும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சிமெண்ட் கலவையைச் சாய்வாகப் பூசியதும் தெரிய இன்னொன்று. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்தபின் மூன்றாவது. இரண்டு கோட்டும் ஒரே நிறமாக இருந்தால் ஒன்றா இரண்டா என்று படத்தில் சொல்ல முடியாது. முதல் கோட் முடிந்த அன்றே ஒரு படமும், இரண்டாவது பாதி அடித்திருக்கும்போது ஒரு படமும் எடுத்தால் சந்தேகம் வராது. பூச்சு சுவரிலும் சற்று ஏறியிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய்க்குள் இறங்கியிருக்கிறதா என்பதைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் தொடங்குவது இந்த இரண்டு இடங்களில்தான்.

நான்காவது, தண்ணீர் கட்டிப் பார்த்த படம். குழாய் வாய்களை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கவைத்து, 48 மணி நேரம் கழித்துக் கீழே கூரையைப் பார்ப்பார்கள். தண்ணீரில் செங்குத்தாக நிற்கும் அளவுகோலையும், அதே நாளில் எடுத்த உலர்ந்த கூரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அதற்கு விளக்கமே தேவையில்லை. தொகுப்பில் ஒரே படத்துக்குத்தான் இடம் என்றால் இதையே வைக்கலாம்.

படத்துக்குக் கீழே வேலை விவரம் வரும். ‘மாடி முழுவதும் வாட்டர்புரூஃபிங்’ என்று எழுதுவதில் பயனில்லை. மேற்படி வீட்டுக்கு இப்படி எழுதலாம்: ‘800 சதுர அடி. பழைய தட்டோடும் ஜல்லியும் உடைத்து இடிபாடு அகற்றியது. விரிசல் அடைப்பு, 115 அடி நீளத்துக்கு ஓரச் சாய்வு, இரண்டு கோட் பூச்சு, குழாய் வாய்களை நோக்கி வாட்டம் வைத்த கலவைத் தளம், வெள்ளை டைல்ஸ். படுக்கையறைக் கூரைப் பூச்சும் பெயின்டும் இந்த வேலையில் இல்லை.’ கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாடி வேலைக்குப் பிறகு வரும் சண்டைகளில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது. மாடியைச் சரிசெய்தால் உள்ளே உப்புப் பூத்த கூரையும் தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார். எது சேராது என்பது ஆல்பத்திலேயே இருந்தால், அடுத்து வருபவர் எஸ்டிமேட் கேட்கும்போதே அதையும் கேட்டுவிடுவார். விலையைப் போடுவதென்றால் வருடத்தையும் சேர்த்துப் போட வேண்டும், சிமெண்டும் கூலியும் அதே இடத்தில் நிற்பதில்லை.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டையும் எழுத வேண்டும். இந்த மாடியில் உடைப்புக்கு 4 நாள், விரிசலுக்கும் ஓரத்துக்கும் 2, பூச்சுக்கு 2, தளத்துக்கும் டைல்ஸுக்கும் 5, இடுக்கு அடைத்துச் சுத்தம் செய்ய 1 என்று ஆட்கள் வந்தது 14 நாள். ஓரக் கலவை இறுக 3 நாள், பூச்சு காய 4, தண்ணீர் கட்டிப் பார்க்க 2 என்று ஆளில்லாமல் 9 நாள். நடுவில் கோடை மழையில் 3 நாள் போனது. ஆக மொத்தம் 26 நாள். ‘14 நாளில் முடித்தோம்’ என்று மட்டும் போடுவது பொய்யல்லதான். ஆனால் அதை நம்பி வருபவர் பதினைந்தாம் நாள் போன் செய்து கத்துவார். காத்திருந்த நாட்களைத் தனியாகக் காட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அதே வேலையைப் பத்து நாளில் முடிப்பதாகச் சொல்லும் போட்டியாளர் எந்த இடத்தில் நாளைக் குறைக்கிறார் என்று வாடிக்கையாளரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வீட்டுக்காரரின் வார்த்தையை வேலை முடிந்து பணம் வாங்கும் நாளில் கேட்பதுதான் வழக்கம். மாடி வேலைக்கு அந்த நாளில் கேட்பதில் அர்த்தமில்லை. மே மாதத்தில் ஒழுகவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்து முடிந்தபின் கேட்பதே சரி. உண்மையான ‘பின்’ படமும் அப்போதுதான் கிடைக்கும்: டிசம்பரில் எடுத்த அதே படுக்கையறைக் கூரை. அதுவரை அந்த வேலையின் பக்கத்தில் ‘மழைக்குப் பின் பார்க்க வேண்டியது’ என்று ஒரு வரி இருந்தால் ஆல்பத்தின் மீது நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

கேட்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. ‘வேலை எப்படி சார் இருந்தது?’ என்றால் ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மழையில் என்ன வித்தியாசம் தெரிந்தது, வேலை நடந்தபோது எது சிரமமாக இருந்தது என்று தனித்தனியாகக் கேட்டால், ‘இந்த ஐப்பசி மழைக்கு பெட்ரூம்ல வாளி வைக்கல. ஆனா உடைச்ச நாலு நாளும் தூசி தாங்கல, அத முன்னாடியே சொல்லியிருக்கலாம்’ என்பது போல ஒன்று கிடைக்கும். அதை இலக்கணத் தமிழாக்காமல், பின்பாதியை வெட்டாமல், அப்படியே போட வேண்டும். தூசியைப் பற்றிச் சொன்னவர் வாளியைப் பற்றிச் சொன்னதையும் நம்பலாம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். தானே எழுதி வீட்டுக்காரர் பெயரில் போடுவது வேறு ரகம். பொருளையோ சேவையையோ பற்றிப் பொய்யான விவரம் தரும் விளம்பரத்தைத் திசைதிருப்பும் விளம்பரமாகவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது.

படத்துக்கும் வார்த்தைக்கும் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். எந்தப் படங்கள், எங்கே போடப்படும், பெயர் போடலாமா ஊர் மட்டுமா என்று கேட்டு, அவர் பதில் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரப்படுத்தினால் பின்னால் தகராறு வராது. பெயர் வேண்டாம் என்றால் ‘வீட்டு உரிமையாளர், தாம்பரம்’ என்ற அளவே போதும். படங்களைச் சேர்க்குமுன் கதவு எண், வண்டி எண், சுவரில் மாட்டிய குடும்பப் படம், கொடியில் காயும் துணி எல்லாம் சட்டத்துக்கு வெளியே போகும்படி வெட்டிவிட வேண்டும். போனில் இருப்பிடக் குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் வீடு இருக்கும் இடம் பதிவாகியிருக்கும். வெளியே கொடுக்கும் பிரதியில் அதை நீக்கிவிட்டு, தேதியோடு இருக்கும் மூலப் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதே கான்ட்ராக்டருக்குப் பாதுகாப்பு.

இத்தனையும் செய்ய நேரம் எங்கே என்று கேட்கலாம். நேரம் அவ்வளவு போகாது, மறதிதான் பிரச்சினை. பூச்சு அடிக்கும் நாளில் கான்ட்ராக்டர் வேறு சைட்டில் இருப்பார், மறுநாள் வருவதற்குள் கலவைத் தளம் போட்டு மூடியிருப்பார்கள். அதனால் படமெடுக்கும் பொறுப்பை மேஸ்திரியிடம் விட்டு, ‘படம் வந்தபிறகுதான் அடுத்த கட்டம்’ என்று நிபந்தனை போடும் கான்ட்ராக்டர்கள் உண்டு. மேஸ்திரி அனுப்பியதை அன்று மாலையே வீட்டின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டு, கட்டத்தின் பெயரையும் எழுதிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வேலைகள் இந்த விதமாகச் சேர்ந்தால் ஆல்பத்துக்குப் போதும். இரண்டாவது, மூன்றாவது மழைக்காலத்திலும் அந்த வீடுகளுக்குப் போன் செய்து பார்த்து, ஒழுகவில்லை என்றால் அந்த வருடத்தைச் சேர்ப்பார்கள். எங்காவது மறுபடியும் ஒழுகியிருந்தால், எந்த இடத்தில், என்ன செய்து சரிசெய்யப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவைப்பார்கள்.