இரண்டு எடைகள், பின்னோக்கி ஒரு கணக்கு

பேக்ப்ராபகேஷன் என்பது ஒரு நியூரல் நெட்வொர்க் செய்யும் தவறில் ஒவ்வொரு எடைக்கும் எவ்வளவு பங்கு என்பதைக் கடைசியில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடும் முறை. ருமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையால் இது பரவலாகத் தெரியவந்தது. இயந்திரக் கற்றல் பாடக்குறிப்புகளில் இதை விளக்க ஒரு பொடி வலையே போதும். அதில் ஓர் உள்ளீடு, நடுவில் ஒரு நியூரான், ஒரு வெளியீடு, இவற்றை இணைக்கும் இரண்டு எடைகள், அவ்வளவுதான்.

```
z = w1 * x
h = sigmoid(z)
y = w2 * h
L = (y - t)^2 / 2
```

உள்ளீடு x. அது முதல் எடையால் பெருக்கப்பட்டு, எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடையே அடக்கிவிடும் சிக்மாய்டு வழியாகப் போகிறது. அங்கிருந்து வருவது இரண்டாம் எடையால் பெருக்கப்பட்டு விடையாகிறது. வரவேண்டிய விடை t. விலகலின் வர்க்கத்தில் பாதியே இழப்பு, L. அந்தப் பாதிக்கு ஆழ்ந்த காரணம் ஏதும் இல்லை. வகையிடும்போது வர்க்கத்திலிருந்து இறங்கும் 2 அடிபட்டுப் போகும் என்ற வசதிதான்.

x = 2, w1 = 0.5, w2 = 2, t = 1 என்று வைத்துக்கொண்டால் z = 1. சிக்மாய்டு அதை 0.731 ஆக்குகிறது. விடை 1.462. வரவேண்டியது 1 என்பதால் 0.462 கூடுதல், இழப்பு 0.107.

இனி பின்னோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணைத் துளி கூட்டினால் இழப்பு அதைப்போல் எத்தனை மடங்கு கூடும்? விடையைப் பொறுத்தவரை அது 0.462, அதாவது விலகலேதான். விடை w2, h இரண்டின் பெருக்கல். எனவே w2-இன் பங்கு 0.462-ஐ h-ஆல் பெருக்கியது: 0.338. நடு நியூரானின் பங்கு 0.462-ஐ w2-ஆல் பெருக்கியது: 0.924. ஒன்றின் பங்கைக் காண மற்றதன் மதிப்பு தேவைப்படுவதைக் கவனிக்கலாம். முன்னோக்கிப் போகும்போது கிடைத்த இடைமதிப்புகளை நினைவகத்தில் வைத்திருப்பது இதனால்தான்.

அடுத்தது சிக்மாய்டு. அதன் சாய்வு h(1 − h), இங்கே 0.731 × 0.269, அதாவது 0.197. இதைக் கடந்ததும் 0.924 சுருங்கி 0.182 ஆகிறது. அதை x-இன் மதிப்பான 2-ஆல் பெருக்கினால் w1-இன் பங்கு 0.363. பள்ளிக் கணிதத்தில் வரும் சங்கிலி விதிதான் இது. புதுக் கணிதம் எதுவும் இல்லை.

பங்கு நேர்க்குறியில் இருப்பதால் இரண்டு எடைகளையும் குறைக்க வேண்டும். கற்றல் வீதம் 0.1 என்றால் w1 0.464 ஆகவும் w2 1.966 ஆகவும் இறங்கும். மறுபடி முன்னோக்கிப் போட்டால் விடை 1.409, இழப்பு 0.084. ஒரே அடியில் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது.

நிரலை முதன்முதலாக எழுதுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். w2-ஐ முதலில் மாற்றிவிட்டு, அந்தப் புது மதிப்பை வைத்து w1-இன் பங்கைக் கணக்கிட்டால் 0.363-க்குப் பதில் 0.357 வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. இழப்பும் குறைந்துகொண்டே போகும். அதனால் தவறு கண்ணில் படாது. கண்டுபிடிக்கும் வழி எளியது. மற்றதெல்லாம் பழையபடியே இருக்க, w1-ஐ மட்டும் 0.501 ஆக்கி இழப்பைப் பார்க்க வேண்டும். அது 0.106776-இலிருந்து 0.107140-க்கு ஏறுகிறது. வித்தியாசத்தை 0.001-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.364. இது 0.363-ஐ ஒட்டி நிற்கிறது, 0.357-ஐ அல்ல. இப்படிச் சோதிக்க ஒவ்வோர் எடைக்கும் ஒருமுறை வலையை ஓட்டியாக வேண்டும். கோடிக்கணக்கில் எடைகள் இருந்தால் அது கட்டுப்படியாகாது. பின்னோக்கிய கணக்கோ எல்லாப் பங்குகளையும் ஒரே நடையில் தந்துவிடுகிறது.

இந்தச் சின்ன வலையிலேயே முறையின் எல்லையும் தெரியும். w1 5-இல் தொடங்கியிருந்தால் z = 10; h கிட்டத்தட்ட 1; விடை கிட்டத்தட்ட 2. விலகல் முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சிக்மாய்டின் சாய்வு அங்கே 0.000045 மட்டுமே. எனவே w1-இன் பங்கு 0.00018, எடை இருந்த இடத்திலேயே கிடக்கும், திருத்தம் முழுவதும் w2-இன் தலையில் விழும். சிக்மாய்டின் சாய்வு மிக அதிகமாகப் போனாலும் 0.25-தான். பத்து அடுக்குகள் இருந்தால் அந்தப் பெருக்கம் மட்டுமே பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். நேர்ப்பக்கத்தில் சாய்வு எப்போதும் 1 ஆக இருக்கும் ரெலூ, ஆழமான வலைகளின் நடு அடுக்குகளில் சிக்மாய்டின் இடத்தைப் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.