சிரிக்காத, அழாத அட்டை முகம்

பிள்ளைகளிடம் அட்டையைக் கொடுத்து முகமூடி செய்யச் சொன்னால், பெரும்பாலானவர்கள் முதலில் வரைவது வாயைத்தான். காதுவரை நீண்ட சிரிப்பு, இல்லையென்றால் கவிழ்ந்த பிறை போல அழுகை. நாடகம் அங்கேயே முடிந்துபோகிறது. சிரிக்கும் முகம் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருக்கும். அதை அணிந்த பிள்ளைக்கு நடிக்க ஒன்றும் மிஞ்சாது. விடுமுறை முகாம்களில் முகமூடி வேலை சொல்லித்தரும் நான் முதல் நாளே போடும் விதி இதுதான்: மூக்கு இருக்கட்டும், புருவமேடு இருக்கட்டும், உணர்ச்சியை மட்டும் வரையாதீர்கள்.

ஜப்பானின் நோ நாடக நடிகர்கள் நூற்றாண்டுகளாகக் கையாளும் நுட்பம் இது. அவர்களுடைய மர முகமூடி அசையாது. நடிகர் தலையைச் சற்று நிமிர்த்தினால் ஒளி விழுந்து முகம் மலரும். அதற்குத் தெராசு என்று பெயர். குனிந்தால் நிழல் படர்ந்து முகம் வாடும், அது குமொராசு. மேடு பள்ளம் இருந்தால்தான் நிழல் விழும். தட்டையான அட்டையில் இந்த வித்தை பலிக்காது. ஆகவே அட்டையை வளைத்தாக வேண்டும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் மூன்று ப்ளை பெட்டி போதும். ஐந்து ப்ளை வளையாது. பால், ஜூஸ் வரும் அட்டை டப்பாக்களும் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பசையும் பெயின்ட்டும் உரிந்துவிடும். பெட்டி அட்டையின் நடுத்தாளில் வரிவரியாக நெளிவு ஓடும். அந்த வரி நெற்றியிலிருந்து மோவாய்க்கு ஓடும்படி 26 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். அப்போதுதான் அட்டை கன்னத்தைச் சுற்றி இயல்பாக வளையும். வரி குறுக்கே ஓடினால் நடுவில் மடிந்து உடையும்.

நெற்றி நடுவிலும் மோவாய் நடுவிலும் 4 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, கீறிய ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அட்டை கிண்ணம்போல் குழிந்து நிற்கும். மூக்கையும் புருவத்தையும் சோப்பு டப்பாவின் மெல்லிய அட்டையில் மடித்து ஒட்டலாம். கண் துளை சிறிதாக இருக்கட்டும். பெரிய துளை வழியே பிள்ளையின் சொந்தக் கண் தெரிந்தால் பாத்திரம் கலைந்துவிடும். இதன்மேல் செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் முகம் கோணும், பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததா என்று பார்க்க என் வழி, அதைக் கன்னத்தில் வைப்பது. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

நடிப்புக்கு விதிகள் கொஞ்சம்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அணிய வேண்டும். அணிந்த பிறகு கையால் தொடக் கூடாது, பேசக் கூடாது. மூன்று நிமிடத்தில் கழற்றிவிட வேண்டும். நான் கொடுக்கும் சூழல் எளிமையானது. பஸ் ஸ்டாப்பில் ஒருவருக்காகக் காத்திரு, அவ்வளவுதான்.

ஒருமுறை பத்து வயதுப் பையன் ஒருவன் செய்த முகத்தில் இடப் புருவம் சற்று உயர்ந்துவிட்டது. அதைத் திருத்த வந்தவனைத் தடுத்தேன். அணிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். தலையைத் தாழ்த்தினான். "அழறான்" என்றார்கள் பிள்ளைகள். மெல்ல நிமிர்ந்து வலப்பக்கம் திரும்பினான். "இல்லல்ல, பஸ் வருது!" எழுந்தான், நின்றான், மறுபடி உட்கார்ந்தான். இம்முறை தோள் இரண்டும் இறங்கியிருந்தன. யாரும் பேசவில்லை. அட்டை முகம் அப்படியேதான் இருந்தது.

கழற்றிய பின் நான் கேட்கும் கேள்வி எப்போதும் முகமூடியைப் பற்றித்தான் இருக்கும். "அவனுக்கு என்ன ஆச்சு?" என்றேன். முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "யாரும் வர மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும் சார். ஆனா ஒவ்வொரு பஸ் நிக்கும்போதும் எழுந்துடுவான்."

'நான்' என்று தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளை இதைச் சொல்லியிருக்க மாட்டான். 'அவன்' என்பதால் சொன்னான். "யாருக்காகக் காத்திருக்கே, அப்பாவுக்கா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டிருந்தால் அந்த மறைவைப் பிடுங்கியவன் ஆகியிருப்பேன். இது சிகிச்சை அல்ல. துருவுவதற்கு எனக்குப் பயிற்சியும் இல்லை, உரிமையும் இல்லை. முகமூடி போட மறுக்கும் பிள்ளையையும் வற்புறுத்துவதில்லை. அவன் கையில் பிடித்து ஆட்டினாலே போதும்.

வீட்டில் செய்து பார்க்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை 'அவன்' என்று பேசும்வரை நீங்களும் 'அவன்' என்றே பேசுங்கள்.